தேடல் பெட்டிக்கான தமிழ் எழுத்துப்பிழைத் திருத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேடல் பெட்டியில் தட்டப்படும் தமிழைத் திருத்த ஒரு சிறிய மாடலைப் பழக்குவது, அதற்கான பிழைகளை நாமே செய்துகொள்வது, பிறகு உண்மையான தேடல்களில் அதைச் சோதிப்பது: இந்த மூன்றையும் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டுரை எழுதுபவருக்கான சந்திப்பிழைத் திருத்தி வேறு வேலை. அதை இங்கே எடுக்கவில்லை.

நல்ல சொற்பட்டியல் ஒன்று இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திவிடலாமே, மாடல் எதற்கு?

பட்டியல் இரண்டு இடங்களில் கைவிடும். முதலாவது, சொல் வடிவங்கள். பள்ளி, பள்ளிக்கு, பள்ளிகளுக்கும், பள்ளியிலிருந்து, பள்ளியில்தான் என்று ஒரே பெயர்ச்சொல் உருபும் பன்மையும் இடைச்சொல்லும் ஏறி வளர்ந்துகொண்டே போகும். எவ்வளவு பெரிய பட்டியலானாலும் அதில் இல்லாத சரியான வடிவம் ஒன்று தினமும் வரும். ‘பட்டியலில் இல்லை, ஆகவே பிழை’ என்று முடிவு செய்தால் சரியான தேடல்களைக் கெடுப்பதுதான் நடக்கும்.

இரண்டாவது இடம் இன்னும் கடினம். ஒருவர் ‘பல்லி விடுமுரை’ என்று தேடுகிறார். ‘விடுமுரை’ பட்டியலில் இல்லை, பிடித்துவிடலாம். ‘பல்லி’ இருக்கிறது, அது சுவரில் ஊரும் பல்லி. பிழையாக எழுதிய சொல் இன்னொரு நல்ல சொல்லாகவே அமைந்துவிட்டதால் பட்டியல் வாய் திறக்காது. பக்கத்துச் சொல்லைப் பார்த்தால்தான் அவர் பள்ளியைத்தான் நினைத்தார் என்று தெரியும். மனம்–மணம், அரை–அறை, கரை–கறை, விலை–விளை என்று தமிழில் இப்படிப்பட்ட இணைகள் ஏராளம். பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. திருத்தத்துக்கான சொற்களை முன்மொழியவும், சில சொற்களைக் காப்பாற்றவும் அது வேண்டும்.

செயற்கைப் பிழைகள் எதற்கு? மக்கள் செய்யும் உண்மையான பிழைகளையே திரட்டிப் பழக்கக் கூடாதா?

அளவுதான் சிக்கல். பிழையான தேடலையும் அதன் சரியான வடிவத்தையும் ஆள் வைத்துச் சரிபார்த்து இணைகளாகத் திரட்டினால் சில நூறு கிடைக்கும், பொறுமை இருந்தால் சில ஆயிரம். எழுத்து எழுத்தாகப் படித்துத் திருத்தும் மாடலுக்கு லட்சக்கணக்கில் வேண்டும். எனவே சரியான தமிழை எடுத்து, நாமே உடைத்து, உடைந்ததையும் உடையாததையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

கிடைத்த சில நூறு உண்மை இணைகளை முதலிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பாதியிலிருந்து ‘எந்த எழுத்து எதுவாக, எவ்வளவு அடிக்கடி மாறுகிறது’ என்ற எடைகளைக் கணக்கிட்டுச் செயற்கைப் பிழைகளுக்குக் கொடுக்கலாம். மறுபாதியைப் பூட்டி வைத்துச் சோதனைக்கு மட்டும் திறக்க வேண்டும். எடையைக் கணக்கிட்ட அதே இணைகளில் சோதித்தால் வரும் மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை.

உடைப்பதற்குச் சரியான தமிழ் எங்கே கிடைக்கும்? விக்கிப்பீடியா போதுமா?

வாக்கியங்களை அப்படியே எடுத்தால் போதாது. தேடல் என்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு சொற்கள், பெயர்ச்சொற்கள் நிறைந்தது, வினைமுற்றோ நிறுத்தக்குறியோ அரிது. முழு வாக்கியத்தில் பழகிய மாடல் ‘பள்ளி விடுமுறை பட்டியல்’ போன்ற துண்டைப் பார்த்தால் தடுமாறி, முடிவில் ஏதாவது ஒட்டவும் பார்க்கும். கட்டுரைத் தலைப்புகள், உட்தலைப்புகள், தேடலுக்காக உங்கள் தளம் வைத்திருக்கும் அட்டவணையிலேயே உள்ள தலைப்புகள், வாக்கியங்களிலிருந்து வெட்டிய இரண்டு மூன்று சொல் துண்டுகள் ஆகியவை பொருத்தம். விக்கிப்பீடியாவின் வழிமாற்றுப் பக்கங்களும் உதவும். மாற்று எழுத்துக்கூட்டலும் பிழையான தலைப்பும் அங்கே சரியான தலைப்போடு இணைந்திருக்கின்றன. ஆனால் முற்றிலும் வேறு பெயர்களும் அதில் கலந்திருப்பதால், ஓரிரு எழுத்து மட்டும் வேறுபடும் இணைகளை வடிகட்டி எடுக்க வேண்டும்.

‘சரியான தமிழ்’ உண்மையிலேயே சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இணையத்தில் அள்ளிய உரையில் நாம் திருத்த நினைக்கும் பிழைகளே நிறைந்திருக்கும். ஓரிரு முறை மட்டும் வரும் சொல்லுக்கு, குழப்பத்துக்குரிய ஓர் எழுத்து மட்டும் மாறி, ஆயிரம் மடங்கு அதிகம் வரும் உறவுக்காரச் சொல் இருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். அதைத் திருத்தி உள்ளே சேர்க்காதீர்கள். அது அரிய பெயராகவும் இருக்கலாம்.

எழுத்துகளை அங்கங்கே நீக்கி, சேர்த்து, இடம் மாற்றினால் பிழை வந்துவிடுமே. அது ஆகாதா?

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் சரிகின்றன. யூனிகோட் குறிகளைக் கண்டபடி கலைத்தால் மெய் இல்லாமல் தனியே நிற்கும் கொம்பு, இரண்டு உயிர்க்குறி ஏறிய எழுத்து, புள்ளிவட்டத்தோடு திரையில் தெரியும் துண்டுகள் எல்லாம் பிறக்கும். தட்டுபவர் திரையைப் பார்த்துக்கொண்டுதான் தட்டுகிறார்; அப்படிப்பட்ட அலங்கோலத்தை அவரே அழித்துவிடுவார். அவர் அழிக்காமல் அனுப்பும் பிழை, பார்ப்பதற்கு ஒழுங்கான தமிழாகவே இருக்கும். கலைத்த பிழைகளில் பழகிய மாடலோ ‘விகாரமாக இருந்தால் திருத்து, ஒழுங்காகத் தெரிந்தால் விட்டுவிடு’ என்ற எளிய பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. ‘பல்லி விடுமுரை’யில் விகாரம் ஏதும் இல்லை, மாடல் கடந்து போய்விடும்.

ஆகவே பிழை பிறக்கும் இடத்திலிருந்து அதை உருவாக்க வேண்டும். முதல் இடம் காது. ல–ள–ழ, ர–ற, ன–ண–ந. எழுத்தில் பிரிந்திருந்து பேச்சில் பலருக்கும் ஒன்றாகிவிட்ட ஒலிகள் இவை. இவற்றை மாற்றும்போது ஒலியை ஒரே அலகாகப் பார்க்க வேண்டும். ‘பள்ளி’ மனிதருக்கு மூன்று எழுத்து: ப, ள், ளி. யூனிகோடுக்கு ஐந்து குறிகள்: ப, ள, புள்ளி, ள, இகரக்குறி. குழம்பியவர் ‘ள்ள’ என்ற இரட்டிப்பையே ‘ல்ல’ என்று நினைக்கிறார். அவர் செய்தது ஒரு பிழை. குறிகளைத் தனித்தனியாக மாற்றும் நிரல் ‘பல்ளி’, ‘பள்லி’ என்று யாரும் எழுதாத வடிவங்களையே அதிகம் தரும். இரட்டிப்பைச் சேர்த்தே மாற்றுங்கள். அதுபோல ‘ற்ற’வைப் பேச்சுப்படி ‘த்த’ ஆக்குவது (காற்று – காத்து), ‘ன்ற’வை ‘ண்ற’ ஆக்குவது (என்று – எண்று) ஆகியவையும் தனி விதிகளாக வேண்டும்.

இடமும் பார்க்க வேண்டும். ண, ன இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. ‘நாடு’ என்பதை ‘ணாடு’ என்று உடைத்து ஆயிரக்கணக்கில் கொடுத்தால் மாடலின் கவனம் வீணாகிறது. சொல்லின் நடுவிலும் இறுதியிலும்தான் ன–ண குழப்பத்துக்கு எடை கூட்ட வேண்டும்.

தட்டச்சுப் பிழைகளுக்கு எந்த விசைப்பலகையை எடுத்துக்கொள்வது?

உங்கள் பயனர்கள் எதில் தட்டுகிறார்களோ அதை. இது சும்மா சொல்லும் பதில் இல்லை. விசைப்பலகை மாறினால் பிழையின் திசையே மாறுகிறது. ஒலிபெயர்ப்பு முறையில் ல என்பதற்குச் சிறிய `l`, ள என்பதற்குப் பெரிய `L`. ன `n`, ண `N`. ர `r`, ற `R`. ஷிஃப்டை அழுத்தத் தவறினால் ள லகரமாகும், ண னகரமாகும், ற ரகரமாகும். எதிர்த்திசைக்கு ஷிஃப்டை வேண்டுமென்றே அழுத்த வேண்டும்; அது குறைவு. ஆகவே ‘ள→ல’வுக்கும் ‘ல→ள’வுக்கும் சம எடை கொடுப்பது தவறு.

தமிழ்99 பலகையில் கதை வேறு. அங்கே ள `y`, ற `u`, ன `i` என்று வரிசையாக நிற்கின்றன. ல `n`, ர `m` அடுத்தடுத்து இருக்கின்றன. விரல் வழுக்கினால் ள என்பது ற ஆகலாம். காதால் யாரும் அந்தக் குழப்பத்தைச் செய்யமாட்டார்கள். ன, ண இரண்டும் அங்கே தள்ளி இருப்பதால் அந்த மாற்றம் விரலால் வராது, காதால் மட்டுமே வரும்.

கைபேசியில் இன்னொரு வகை உண்டு. பலகை பரிந்துரைக்கும் சொல்லைத் தொட்டுவிடுவதால் முழுச்சொல்லே மாறிப்போகும்; எழுத்துக்கூட்டல் சுத்தமாக இருக்கும், சொல் வேறாக இருக்கும். முதல் இரண்டு எழுத்து ஒன்றாக உள்ள வேறொரு பரவலான சொல்லை மாற்றி வைத்து இதைப் போலி செய்யலாம். சிறிய அளவில் மட்டும் சேருங்கள். கூடினால், மாடல் சரியான சொற்களையே சந்தேகிக்கத் தொடங்கும்.

கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் இரண்டு சொற்களில் ஒன்றை மட்டும் பிழை என்கிறதே, ஏன்?

உள்ளே குறிகள் வேறாக இருக்கும். ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாக `U+0BCA` என்றும் எழுதலாம், `U+0BC6` பிறகு `U+0BBE` என்று இரண்டாகவும் எழுதலாம். பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் `NFC` ஒழுங்கு இதைத் தீர்த்துவிடும். அது தீர்க்காத ஒன்று, ரகர மெய்க்குப் பதிலாகக் காலும் புள்ளியும் போடுவது. ‘அவர்’ என்பதன் இடத்தில் ‘அவா்’ என்று இருக்கும். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரையில் இது கொட்டிக் கிடக்கிறது.

இதில் ஒரு வலை உண்டு. ‘சேர்ந்த’ என்பதை இப்படிக் காலும் புள்ளியுமாக எழுதியவரின் உரையில் ஏகாரக்குறியை அடுத்து கால் வருகிறது. `NFC` அந்த இரண்டையும் சேர்த்து ஓகாரக்குறியாக்கிவிடும், விளைவு ‘சோ்ந்த’. அதனால் முதலில் பிரித்து, காலையும் புள்ளியையும் ரகர மெய்யாக்கி, பிறகுதான் சேர்க்க வேண்டும்:

```python
import re, unicodedata

def norm(s):
    s = re.sub("[\u200b\u200c\u200d\ufeff]", "", s)
    s = unicodedata.normalize("NFD", s)
    s = s.replace("\u0bbe\u0bcd", "\u0bb0\u0bcd")
    s = unicodedata.normalize("NFC", s)
    return " ".join(s.split())
```

உயிர்க்குறிக்கு மேல் புள்ளி ஏறுவது தமிழில் இல்லை என்பதால் இந்த விதி எதையும் கெடுக்காது. ஔகாரம் அப்படி இல்லை. ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமுமாக ‘கெளரவம்’ என்று தட்டுவோர் மிகப் பலர். ஆனால் பேச்சு வழக்கில் ‘வெளக்கு’ என்று எழுதுபவரின் ளகரம் உண்மையான ளகரம். இதை விதியால் மாற்றாமல் செயற்கைப் பிழைகளில் ஒரு வகையாகச் சேர்த்து மாடலின் பொறுப்பில் விடுங்கள். `norm` மட்டும் பழக்கும் தரவு, சோதனைத் தரவு, நேரடித் தேடல், அட்டவணை நான்கிலும் ஒன்றாக ஓட வேண்டும். ஒன்றில் விட்டாலும் ஒன்றுபோலத் தெரியும் சொற்கள் பொருந்தாமல் போகும்.

ஒரு தேடலில் எத்தனை பிழைகள் போடலாம்?

பெரும்பாலும் ஒன்று, சிலவற்றில் இரண்டு. இரண்டு போடும்போது அவை தொடர்பில்லாதவையாக இருக்க வேண்டாம். ர–ற குழப்பம் உள்ளவர் அதே தேடலில் இன்னொரு றகரம் வந்தால் அதையும் ரகரமாகவே எழுதுவார். பழக்கும் தொகுப்பில் பாதியாவது உடைக்கப்படாமல் அப்படியே இருக்கட்டும். ‘ஒன்றும் செய்யாதே’ என்பதையும் மாடல் கற்க வேண்டும்.

என்ன வகை மாடல் எடுப்பது? பெரியது வேண்டுமா?

வேண்டாம். தேடுபவர் காத்திருக்கமாட்டார், திருத்துவது தேடலுக்கு முன்னால் நடக்கும் வேலை. முழுச்சொல், சொல்துண்டு அடிப்படையில் படிக்கும் மாடல்களுக்கு ஒரு சிக்கல்: ஓர் எழுத்து மாறியதும் சொல் வேறு துண்டுகளாகச் சிதறி, மாடலுக்கு அடையாளமே தெரியாமல் போகிறது. பைட் அளவில் படிப்பவை அந்தச் சிக்கலிலிருந்து தப்பும், ஆனால் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘பள்ளி விடுமுறை’ இடைவெளியோடு 14 குறிகள், பைட்டில் 40. அந்த நீளத்துக்கான நேரத்தையும் கொடுத்தாக வேண்டும். குறி அளவில் படிக்கும் சிறிய மாடல் நடுவழி.

எங்கள் விருப்பம், திருத்தத்தை இரண்டாகப் பிரிப்பது. முதல் படி, குழப்ப விதிகளையும் சொற்பட்டியலையும் வைத்துச் சாத்தியமான வடிவங்களை முன்மொழிகிறது. இரண்டாவது படி, பழகிய மாடலால் அவற்றுக்கு விலை போட்டு ஒன்றைத் தேர்கிறது. சுதந்திரமாக எழுதவிட்ட மாடல் எப்போதாவது கேட்காத சொல்லை உருவாக்கும். இங்கே முன்மொழியப்படாத சொல் வெளியே வரவே முடியாது. தவறு நடந்தாலும் எந்தப் படியில் நடந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

அந்த ‘பல்லி விடுமுரை’யையே எடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா?

கணக்கு புரிவதற்காக எளிய எண்களை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வடிவத்துக்கும் இரண்டு விலை. இந்தச் சொற்கள் இப்படிச் சேர்ந்து வருவது எவ்வளவு அரிது என்பது தொடர்விலை. அரிதானால் விலை கூடும். இந்த வடிவத்தை நினைத்தவர் கையில் இருப்பதைத் தட்டியிருக்க எத்தனை பிழை வேண்டும் என்பது பிழைவிலை. ஒரு பிழைக்கு 3 என்று வைப்போம். இரண்டையும் கூட்டி, குறைந்தது வெல்லும்.

மாற்றாமல் விட்டால் பிழைவிலை 0, ‘விடுமுரை’ எங்கும் வராத சொல் என்பதால் தொடர்விலை 24, மொத்தம் 24. ‘பல்லி விடுமுறை’ என்றால் ஒரு பிழை, 3, பல்லியும் விடுமுறையும் சேர்ந்து வருவது அரிது, தொடர்விலை 19, மொத்தம் 22. ‘பள்ளி விடுமுரை’ 3 கூட்டல் 22, மொத்தம் 25. ‘பள்ளி விடுமுறை’ இரண்டு பிழை, 6; ஆனால் நன்கு அறிந்த தொடர், விலை 11; மொத்தம் 17. மாற்றாததைவிட 7 குறைவு. ‘4-க்கு மேல் இலாபம் இருந்தால்தான் மாற்று’ என்று வரம்பு வைத்திருந்தால் அது தாண்டிவிட்டது, திருத்தம் நடக்கும்.

இப்போது இரட்டிப்பை ஒரே பிழையாக எண்ணாமல், குறிகளை எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ல்ல’ ‘ள்ள’ ஆவதற்கு இரண்டு குறி மாற்றம், 6. மொத்தப் பிழைவிலை 9, கூட்டுத்தொகை 20, இலாபம் சரியாக 4. வரம்பைத் தாண்டவில்லை, பிழையான தேடல் அப்படியே போய்விடும். எழுத்தை எப்படி எண்ணுகிறோம் என்பது முடிவையே மாற்றுகிறது. ‘பல்லி’ என்று மட்டும் தேடினால்? மாற்றாவிட்டால் தொடர்விலை 9. ‘பள்ளி’ இன்னும் பரவலான சொல், 8. ஆனால் பிழைவிலை 3 சேர்ந்து 11. மாற்றாததே வெல்கிறது, அதுதான் சரி. பக்கத்துச் சொல் இல்லாத இடத்தில் மாடல் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

செயற்கைச் சோதனையில் மதிப்பெண் பிரமாதம், உண்மையான தேடலில் விட்டதும் எல்லோரும் திட்டுகிறார்கள். எங்கே போனது?

இரண்டு இடங்களில் பாருங்கள். செயற்கைச் சோதனையின் பிழைகளைச் செய்ததும் பழக்கும் பிழைகளைச் செய்ததும் ஒரே நிரல்தானே? மாடல் அந்த நிரலைத் தலைகீழாக ஓட்டக் கற்றிருக்கிறது, அவ்வளவுதான். குரல்வழி வரும் தேடலில் எழுத்துக்கூட்டல் சரி, சொல் தவறு. சேர்த்தெழுதியது, பிரித்தெழுதியது, பாதியில் நின்றது என்று நிரல் கண்டிராத வகைகளும் உண்மையில் வருகின்றன.

இரண்டாவது காரணம் விகிதம். செயற்கைத் தொகுப்பில் பாதி பிழையாக இருக்கும். உண்மையில் 1000 தேடல்களில் 100 பிழை, 900 சரி என்று வைப்போம். மாடல் பிழைகளில் 80 விழுக்காட்டைத் திருத்துகிறது, சரியானவற்றில் 3 விழுக்காட்டை மட்டும் கெடுக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 80 திருத்தம், 27 கேடு. மூன்று நன்மைக்கு ஒரு தீமை. பாதிக்குப் பாதி உள்ள செயற்கைத் தொகுப்பில் அதே மாடல் 500-இல் 400-ஐத் திருத்தி, 500-இல் 15-ஐ மட்டும் கெடுத்திருக்கும். கேடு கண்ணிலேயே பட்டிருக்காது. சரியாகத் தட்டியவரின் தேடலை மாற்றுவது, பிழையாகத் தட்டியவருக்கு உதவாமல் போவதைவிட அதிகம் எரிச்சலூட்டும். அதனால் ‘சரியானதைக் கெடுத்த விகிதம்’ என்பதைத் தனி எண்ணாக எழுதுங்கள். ஒரே மதிப்பெண்ணுக்குள் கரைத்துவிடாதீர்கள்.

உண்மையான தேடல்களைக் கொண்டு சோதனைத் தொகுப்பு செய்வது எப்படி?

பதிவிலிருந்து இரண்டு மாதிரிகள் எடுங்கள். ஒன்று, நடந்த தேடல்களிலிருந்து குலுக்கி எடுத்தது. அடிக்கடி வரும் தேடல் அதில் அடிக்கடி வரும். மற்றொன்று, வேறுவேறு தேடல்களை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தது. அரியவை அதில் நிறையும். முதலாவது பயனர் அனுபவத்தைச் சொல்லும், இரண்டாவது மாடலின் பலவீனத்தைக் காட்டும். தொலைபேசி எண், முகவரி, தனிநபர் விவரம் உள்ளவற்றைக் குறிப்பவர் கண்ணில் படும் முன்பே நீக்குங்கள்.

தட்டத் தட்டத் தேடும் பெட்டியானால் பதிவில் பாதிச் சொற்கள் குவிந்திருக்கும். ஒலிபெயர்ப்புப் பலகையில் ‘பள்ளி’ என்று முடிப்பதற்குள் ‘பள்’ என்பது ஒரு தேடலாகப் பதிவாகியிருக்கும். இவை பிழைகள் இல்லை, முடியாத சொற்கள். ஒரே அமர்வில் அடுத்து வந்த தேடலின் முன்பகுதியாக இருப்பதையெல்லாம் கழித்துவிடுங்கள்.

‘ஒருவர் தேடினார், உடனே மாற்றித் தேடினார்’ என்ற இணைகளை மட்டும் வைத்துத் தொகுப்பு செய்வது எளிய வழி. ஆனால் கோணலான வழி. தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கக்கூடியவர்களின் பிழைகள் மட்டுமே அதில் இருக்கும். ள–ழ வேறுபாடே தெரியாதவர் மாற்றித் தேடமாட்டார், விட்டுவிட்டுப் போய்விடுவார். மாடல் உதவ வேண்டியதோ அவருக்குத்தான். ஆகவே குலுக்கி எடுத்ததை இருவர் தனித்தனியே குறிக்கட்டும்: சரி, பிழை (திருத்தம் இது), சொல்ல முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட திருத்தம் பொருந்தினால் எல்லாவற்றையும் எழுதட்டும். இருவரும் ஒத்துப்போகாதவற்றைத் தனியே வையுங்கள். மனிதர்களே முடிவு செய்ய முடியாததில் மாடல் துணிந்து மாற்றுகிறதா என்று பார்க்க அவை அருமையான சோதனை.

ஆட்களின் பெயரையெல்லாம் ‘திருத்தி’ வைக்கிறது. எப்படி நிறுத்துவது?

சரண்யா, சரன்யா இரண்டுமே பெயர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் எழுதுவதுதான் அங்கே சரி. மாடலுக்கு அது தெரியாது, பரவலானதை நோக்கி இழுக்கும். எளிய காவல்: தட்டிய வடிவம் உங்கள் அட்டவணையில் ஏற்கெனவே ஒரு தலைப்பிலோ பெயரிலோ இருந்தால், மாற்றுவதற்கான வரம்பை உயர்த்துங்கள். மேலே கண்ட கணக்கில் 4 என்பது இங்கே 6 ஆகட்டும். முழுத்தடை போடாதீர்கள். ‘பல்லி’யும் அட்டவணையில் இருக்கும் சொல்தான், தடை போட்டால் ‘பல்லி விடுமுரை’ திருந்தாது.

செயற்கைப் பிழை செய்யும்போதும் பெயர்ப் பட்டியலில் உள்ள சொற்களை உடைக்காமல் விடுவது நல்லது. சரண்யாவைச் சரன்யா என்று உடைத்துக் கொடுத்தால், அந்தப் பெயரை மாற்றச் சொல்லி நாமே கற்பிக்கிறோம்.

வல்லினம் மிகும் இடத்தில் ஒற்று இல்லாமல் தட்டினால் திருத்த வேண்டாமா?

வேண்டாம். ‘தமிழ் பாடல்’ என்று தேடியவருக்கு ‘தமிழ்ப் பாடல்’ என்ற தலைப்பு கிடைக்க வேண்டும். அதற்கு அவருக்கு இலக்கணம் சொல்லத் தேவையில்லை. சொல்லிறுதியில் வரும் க், ச், த், ப் ஆகிய ஒற்றுகளை அட்டவணையிலும் தேடலிலும் பொருத்தத்துக்காக மட்டும் உதிர்த்துவிடுங்கள். ‘வேலைவாய்ப்பு’, ‘வேலை வாய்ப்பு’ போன்ற சேர்ப்பு–பிரிப்பும் அப்படியே: இரண்டு வடிவத்தையும் தேடினால் தீர்ந்தது. இவற்றைப் பிழை வகைகளாகச் சேர்த்தால் மாடல் தேடலுக்குத் தேடல் திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டர், கம்ப்யுட்டர், கம்பியூட்டர் இவற்றில் எதைச் சரி என்று வைப்பது?

எதையும் வைக்க வேண்டாம். வேற்றுமொழிச் சொல்லுக்குத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல் நிலைப்பது அரிது. இணைவடிவப் பட்டியல் ஒன்று செய்து, எதைத் தட்டினாலும் எல்லாவற்றையும் தேடச் சொல்லுங்கள். பேச்சு வழக்குச் சொற்களுக்கும் இதே பதில்தான்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்கு இதே மாடல் உதவுமா?

உதவாது. `palli` என்பது பள்ளியா பல்லியா என்ற கேள்வி திருத்தத்துக்கு முந்தையது. அதற்கு எழுத்துப்பெயர்ப்பு மாடல் தனியே வேண்டும். அது ஒரே முடிவைத் தராமல் பல வடிவங்களைத் தந்தால், மேலே சொன்ன விலை போடும் படியை அங்கேயும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தானாகவே மாற்றிவிடுவதா, ‘இதைத் தேடினீர்களா?’ என்று கேட்பதா?

இலாபத்தைப் பொறுத்து. வரம்பை மிகத் தாண்டியிருந்து, தட்டிய வடிவத்துக்கு முடிவுகளே இல்லையென்றால் மாற்றிவிடலாம். ‘தட்டியதையே தேடு’ என்ற வழி மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். ஓரளவு தாண்டியிருந்தால், அல்லது தட்டியதற்கும் முடிவுகள் இருந்தால், கேளுங்கள். தாண்டாவிட்டால் பேசாமல் இருங்கள். வரம்புகளைச் செயற்கைத் தொகுப்பில் முடிவு செய்யாதீர்கள். அங்கே விகிதமே வேறு என்று முன்பே பார்த்தோம். எடைகளைக் கணக்கிட ஒதுக்கிய உண்மைப் பாதியில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். அதற்காக அந்தப் பாதியில் சரியான தேடல்களும் உண்மை விகிதத்தில் இருக்க வேண்டும்.

மாற்றியதைப் பயனர்கள் ஏற்றுக்கொண்டால், அதையே புதிய பழக்கும் தரவாகத் திரும்ப ஊட்டலாமா?

கேட்டு, அவர் தொட்டு ஏற்றுக்கொண்டதை ஊட்டலாம். தானாக மாற்றியதை ஊட்டக் கூடாது. மாற்றிய முடிவுகள்தான் அவருக்குக் காட்டப்பட்டன. அதில் ஒன்றைச் சொடுக்கியதற்கு ‘திருத்தம் சரி’ என்று பொருள் இல்லை, வேறு எதுவும் கண்முன் இல்லை என்றும் இருக்கலாம். அரிய ஊர்ப்பெயர் ஒன்றை மாடல் பரவலான சொல்லாக மாற்றுகிறது என்று வையுங்கள். சிலர் சொடுக்குகிறார்கள், அது இணையாகத் திரும்பி வருகிறது, அடுத்த சுற்றில் மாடல் இன்னும் உறுதியாக மாற்றுகிறது. சில சுற்றில் அந்தப் பெயரைத் தேடவே முடியாது.

இதைக் கண்டுபிடிக்க, தேடல்களில் ஒரு சிறு பங்குக்கு, நூற்றுக்கு ஒன்று போதும், திருத்தத்தை முழுவதும் நிறுத்தி வையுங்கள். அங்கே தட்டியதையே தேடி, கிடைத்த முடிவைச் சொடுக்கிச் செல்பவர்கள் ஒரு சொல்லுக்கு நிறைய இருந்து, மற்ற இடங்களில் அதே சொல் தொடர்ந்து மாற்றப்பட்டுக்கொண்டிருந்தால், அந்தத் திருத்தத்தை நிறுத்த வேண்டும். ‘தட்டியதையே தேடு’ என்பதை அழுத்தியவர்களின் பட்டியலையும் வாரம் ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள். பழக்கும் தரவுக்கு ‘மாற்றாதே’ என்ற வகையில் அதைவிட நல்ல வரவு கிடைக்காது.